போட்டோவில் இருக்கும் வினாத்தாளை அப்படியே தட்டச்சு செய்வது எப்படி? பத்தாம் வகுப்புக் கணிதத் தாளை வைத்து ஒரு வழிகாட்டி

எங்கள் தெருவில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். முந்தைய ஆண்டு தேர்வு எழுதிய ஒரு பையனிடம் கணித வினாத்தாளை வாங்கி, போனில் படம் பிடித்து, இரண்டு இரவு உட்கார்ந்து தட்டச்சு செய்து, பிரதி எடுத்து மாதிரித் தேர்வு வைத்தேன். அரை மணி நேரம் போயிருக்கும். ஒரு பெண் எழுந்து, "சார், பகுதி இரண்டில் 28 கட்டாயம்னு போட்டிருக்கு. ஆனா 28 அஞ்சு மார்க் பகுதியில இருக்கே?" என்றாள்.

தாளை வாங்கிப் பார்த்தேன். மடிப்பில் மறைந்திருந்த ஒரு இரண்டு மதிப்பெண் வினாவை நான் தட்டச்சு செய்யவே இல்லை. வேர்டு தானாக எண் போட்டதால் இடைவெளியும் தெரியவில்லை. 28ஆம் வினா 27 ஆகிவிட்டது. அதற்குப் பின்னால் வந்த எல்லாமே ஒன்று கீழே இறங்கிவிட்டது. பகுதி மூன்றில் கட்டாயம் என்று போட்டிருந்த 42, பகுதி நான்கின் முதல் வினாவாக உட்கார்ந்திருந்தது. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாத, அழகான, பயன்படாத வினாத்தாள்.

அதற்குப் பிறகு நான் செய்யும் முறையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணிதத் தாளை எடுத்துக்கொண்டது, இதில் எல்லாச் சிக்கலும் ஒரே இடத்தில் இருப்பதால்தான். மூன்று வகையாகத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள், இரண்டு மொழி, அடுக்குகள், வடிவியல் படம் எல்லாம் உண்டு. இதைச் செய்யத் தெரிந்தால் சமூக அறிவியல் தாள் ஒரு மாலை வேலை.

1. தட்டச்சுக்கு முன்னால் கையில் இருக்க வேண்டியவை

முடிந்தால் மூலத்தாளே வேண்டும். வாட்ஸாப்பில் சுற்றி வந்த படம் கடைசி வழி. அது சுருங்கி வருவதால் அடுக்கில் இருக்கும் 2, 3 எது என்றே தெரியாது. வேறு வழியில்லை என்றால் அனுப்புகிறவரிடம் படமாக அல்லாமல் Document என்று இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்போது அளவு குறையாமல் வரும்.

ஒரே தாளை இரண்டு மாணவர்களிடம் வாங்குவது நல்லது. ஒருவர் தாளில் பேனாக் கிறுக்கல் விழுந்த இடம் இன்னொருவர் தாளில் சுத்தமாக இருக்கும்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். நான் விசாரித்த டிடிபி கடையில் கணிதத்துக்குப் பக்கத்துக்கு 60 ரூபாய் கேட்டார்கள். ஏழு பக்கத்துக்கு 420 ரூபாய். கொடுத்துச் செய்யலாம்தான், ஆனால் பிழை பார்க்கிற வேலை எப்படியும் நம் தலையில்தான் விழும். அந்த வேலைதான் மொத்தத்தில் பாதி. நீங்களே செய்தால் பணச் செலவு பிரதி எடுக்க மட்டும். நேரம் என்று பார்த்தால் முதல் தாளுக்கு எனக்கு எட்டு மணி நேரம் ஆனது. இப்போது நான்கு மணி நேரத்துக்குள் முடிகிறது. அதில் ஒன்றரை மணி நேரம் சரிபார்ப்புக்கே போகிறது.

2. படம் பிடிப்பது

தாளை மேசைமேல் விரித்து, மடிப்பின் மேல் ஒரு ஸ்கேலை வைத்து அழுத்துங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும். தலைக்கு மேலே டியூப்லைட் இருந்தால் உங்கள் கை நிழலே தாளில் விழும். போன் தாளுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் கீழ் வரிகள் சிறுத்துவிடும்.

ஒரு பக்கத்துக்கு ஒரு படம். இரண்டு பக்கத்தைச் சேர்த்து எடுத்தால் நடு மடிப்பு எதையாவது விழுங்கும். என் 21ஆம் வினா அப்படித்தான் போனது. எடுத்து முடித்ததும் அந்த இடத்திலேயே ஒரு வேலை செய்யுங்கள்: படங்களைப் பெரிதாக்கி, வினா எண்களை மட்டும் 1 முதல் 44 வரை விரலால் தொட்டு எண்ணுங்கள். ஒன்று விடுபட்டாலும் தாள் கையில் இருக்கும்போதே மறுபடி எடுத்துவிடலாம். தாளைத் திருப்பிக் கொடுத்த பிறகு தெரிந்தால், அந்தப் பையன் அதற்குள் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருப்பான்.

3. முதலில் எலும்புக்கூடு, பிறகுதான் வினாக்கள்

இதுதான் இந்தக் கட்டுரையில் முக்கியமான படி. ஒரு வினாவைக்கூடத் தட்டச்சு செய்வதற்கு முன்னால், தாளின் கட்டமைப்பை மட்டும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புக் கணிதத்துக்கு அது இப்படி இருக்கும்:

```
பகுதி I    1–14    அச்சில் 14, எழுத 14    14 × 1 = 14
பகுதி II   15–28   அச்சில் 14, எழுத 10    10 × 2 = 20   (28 கட்டாயம்)
பகுதி III  29–42   அச்சில் 14, எழுத 10    10 × 5 = 50   (42 கட்டாயம்)
பகுதி IV   43–44   அச்சில் 2, எழுத 2      2 × 8 = 16    (ஒவ்வொன்றிலும் அ அல்லது ஆ)
மொத்தம்    44      எழுத 36               100
```

இதில் இரண்டு எண்ணிக்கைகளைக் குழப்பக் கூடாது. அச்சில் இருப்பது ஒன்று, எழுத வேண்டியது இன்னொன்று. பகுதி இரண்டில் 14 வினா இருக்கும், வலது ஓரத்தில் 10 × 2 = 20 என்று போட்டிருக்கும். இதைப் பார்த்துவிட்டு, "மூலத்திலேயே தப்பு இருக்கு" என்று 14 × 2 = 28 எனத் 'திருத்தி'க் கொடுத்த ஒரு கடைக்காரரை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு எப்படித் தெரியும், பாவம். ஓரத்தில் இருக்கும் முதல் எண் மாணவர் எழுத வேண்டிய வினாக்களின் எண்ணிக்கை. நான்கு பகுதிகளின் பெருக்கல் விடைகளைக் கூட்டினால் தாளின் தலைப்பில் இருக்கும் மொத்த மதிப்பெண் வர வேண்டும்: 14, 20, 50, 16 கூட்டினால் 100. வரவில்லையென்றால் எங்கோ ஒரு கட்டளை வரியைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள்.

கூட்டல் சரியாக வந்தாலும் எண் வரிசையைத் தனியாகப் பாருங்கள். கட்டாய வினா இந்தத் தாளில் எப்போதும் அந்தப் பகுதியின் கடைசி வினா. ஆகவே பகுதி இரண்டு 28இலும் பகுதி மூன்று 42இலும் முடிந்தே ஆக வேண்டும். இந்த ஒரு சோதனையை அன்று செய்திருந்தால் எனக்கு அந்தக் கதி வந்திருக்காது.

இனி இதே எலும்புக்கூட்டை வேர்டில் போடுங்கள். தலைப்பு, காலம், மொத்த மதிப்பெண், அறிவுரைகள், நான்கு பகுதித் தலைப்புகள், அவற்றின் கட்டளை வரிகள், ஓர மதிப்பெண்கள், 1 முதல் 44 வரை வெற்று எண்கள். அவ்வளவுதான். வினாக்கள் இன்னும் இல்லை. கட்டளை வரிகளை மட்டும் சொந்த நடையில் சுருக்காதீர்கள். "எவையேனும் 10 வினாக்களுக்கு விடையளிக்கவும். வினா எண் 28-க்குக் கட்டாயமாக விடையளிக்கவும்" என்று இருந்தால் இரண்டு வாக்கியங்களும் வர வேண்டும். இரண்டாவது வாக்கியம் விடுபட்டால் தாளின் விதியே மாறிவிடுகிறது.

எண்களைக் கையால் தட்டச்சு செய்யுங்கள். வேர்டின் தானியங்கி எண்ணை நம்பாதீர்கள். தானாக எண் போட்டால் விடுபட்ட வினா ஒருபோதும் கண்ணுக்குத் தெரியாது. கையால் போட்டிருந்தால் 20க்குப் பிறகு 22 வந்து பல்லைக் காட்டும். நீங்கள் "1." என்று அடித்ததுமே வேர்டு அதைப் பட்டியலாக மாற்றிவிடும். அதை நிறுத்த File → Options → Proofing → AutoCorrect Options → AutoFormat As You Type போய் Automatic numbered lists என்பதில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஓர மதிப்பெண்ணை இடைவெளிப் பட்டையைத் தட்டித் தட்டித் தள்ளாதீர்கள். எழுத்துரு மாறினால் அது நடுவில் வந்து நிற்கும். ஏ4 தாளில் இருபுறமும் 2 செ.மீ. ஓரம் விட்டால் எழுத்துக்கு 17 செ.மீ. கிடைக்கும், 17 செ.மீ.யில் ஒரு வலது டேப் வைத்து, டேப் விசையை ஒருமுறை தட்டினால் போதும். பெருக்கல் குறிக்கு ஆங்கில எக்ஸ் எழுத்து வேண்டாம், × என்ற குறியையே போடுங்கள். கணிதத் தாளில் எக்ஸ் என்றால் மாறி.

4. படத்திலிருந்து எழுத்தை எடுப்பது

படத்தை கூகுள் டிரைவில் ஏற்றி, வலது கிளிக் செய்து Open with → Google Docs கொடுத்தால் படத்துக்குக் கீழே எழுத்து வரும். தமிழ் ஓரளவு நன்றாகவே வரும். படம் 2 எம்பிக்குள் இருக்கட்டும். கணினியிலேயே செய்ய விரும்புகிறவர்கள், படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் டெசராக்ட் மென்பொருளை நிறுவி, தமிழ் மொழிக் கோப்பையும் சேர்த்துக்கொண்டு, கட்டளைச் சாளரத்தில் இப்படிக் கொடுக்கலாம்:

```
tesseract p1.png p1 -l tam+eng --psm 4
```

இதில் வருவதை நேரடியாக வினாத்தாளில் ஒட்டாதீர்கள். தனிக் கோப்பில் வைத்து, ஒவ்வொரு வினாவாக எடுத்து, எலும்புக்கூட்டில் அந்த எண்ணுக்கு நேராக வையுங்கள். முழுப் பக்கத்தையும் கொண்டுபோய்க் கொட்டினால் எலும்புக்கூடு போட்டதன் பயனே போய்விடும்.

தமிழில் வரும் பிழைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். புள்ளி விழுந்துபோகும்: எனில் என்பது எனில ஆகும். காலும் ரகரமும் ஒன்றுக்கொன்று இடம் மாறும். மாணவர் பென்சிலால் ஓரத்தில் போட்ட கணக்கும் வினாவோடு கலந்து வரும். இவை கண்ணில் படும், திருத்திவிடலாம்.

கண்ணில் படாதவை கணிதக் குறிகள். பகுதி ஒன்றில் இப்படி ஒரு வினா வருவதாக வைத்துக்கொள்ளுங்கள்: x⁴ + 64 ஐ முழு வர்க்கமாக மாற்ற எதைக் கூட்ட வேண்டும்? விருப்பங்கள் 4x², 16x², 8x², −8x². எழுத்தாக எடுத்தால் இது x4 + 64 என்றும் 4x2, 16x2, 8x2, 8x2 என்றும் வரும். அடுக்கு எல்லாம் தரையில் இறங்கிவிட்டது. அதைவிட மோசம், கடைசி விருப்பத்தின் கழித்தல் குறியைக் காணோம். இப்போது மூன்றாவதும் நான்காவதும் ஒன்றே. ஆகவே கணிதக் கோவைகளை எடுத்த எழுத்திலிருந்து ஒட்டாமல், படத்தைப் பார்த்து நீங்களே அடிப்பதுதான் சரி. வேகமும் அதில்தான்.

வேர்டில் Alt + = அழுத்தினால் சமன்பாட்டுப் பெட்டி வரும். அதில் கீழே உள்ளபடி அடித்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு இடைவெளிப் பட்டையைத் தட்டினால் தானாக வடிவத்துக்கு வரும்:

```
x^4
(x+1)/(x-2)
\sqrt(x+1)
```

வர்க்கமூலத்தில் மேல்கோடு எதுவரை போகிறது என்பதை மூலத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். √(x+1) வேறு, √x + 1 வேறு. தமிழ்ச் சொற்களை அந்தப் பெட்டிக்குள் அடிக்க வேண்டாம், எழுத்துரு குலையும். "எனில்" பெட்டிக்கு வெளியே இருக்கட்டும்.

எழுத்துரு யூனிகோடாக இருக்கட்டும். விண்டோஸில் இருக்கும் நிர்மலாவே போதும். பழைய டிடிபி எழுத்துருக்களில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும்.

5. விருப்பங்களை அடுக்குவது

நான்கு விருப்பங்களுக்கும் கோடில்லாத அட்டவணை போடுங்கள். எல்லாமே சிறியவை என்றால் ஒரு வரியில் நான்கு கட்டம். நீளமானவை என்றால் இரண்டுக்கு இரண்டு.

இரண்டுக்கு இரண்டில் ஒரு பொறி உண்டு. மூலத்தில் (அ), (ஆ) மேல் வரியிலும் (இ), (ஈ) கீழ் வரியிலும் இருக்கும். எழுத்தை எடுக்கும் மென்பொருள் சில நேரம் இடப்பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்துவிட்டு, பிறகு வலப்பக்கத்துக்குப் போகும். வரிசை அ, இ, ஆ, ஈ என்று வரும். நீங்கள் குறியீட்டை விட்டுவிட்டு விடைகளை மட்டும் வரிசையாக ஒட்டினால் ஆவும் இயும் இடம் மாறிவிடும். வினா சரியாகத்தான் இருக்கும், ஆனால் விடைக்குறிப்போடு ஒத்துப்போகாது. குறியீட்டையும் விடையையும் எப்போதும் ஒன்றாகவே நகர்த்துங்கள்.

மாணவர் போட்ட டிக் இன்னொரு தொல்லை. என் தாளில் ஒரு வினா: ஒரு கூட்டுத் தொடர்வரிசையின் முதல் உறுப்பு 1, பொது வித்தியாசம் 4 எனில், எத்தனை உறுப்புகளைக் கூட்டினால் 120 கிடைக்கும்? விருப்பங்கள் 6, 7, 8, 9. அந்தப் பையனின் பேனாக் கோடு 120இன் தலையில் உரசியிருந்தது, 720 என்று அடித்துவிட்டேன். படித்துப் பார்த்தால் தவறே தெரியாது. போட்டுப் பார்த்தால்தான் தெரியும். n உறுப்புகளின் கூடுதல் n(2n − 1). n = 8 என்றால் 8 × 15 = 120, விடை விருப்பத்தில் இருக்கிறது. 720க்கு எந்த முழு எண்ணும் பொருந்தாது.

அதனால் பகுதி ஒன்றின் 14 வினாக்களையும் தட்டச்சு செய்த தாளை வைத்தே போட்டுப் பாருங்கள். இருபது நிமிடம் ஆகும். விடை நான்கில் ஒன்றாக வராவிட்டால் மூலத்துக்குப் போங்கள். நான் இதுவரை பிடித்த எண் பிழைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் மாட்டின. கணிதம் தெரியாத ஒருவரிடம் தட்டச்சுக்குக் கொடுப்பதில் எனக்கு இருக்கும் தயக்கமும் இதனால்தான்.

எண் தெளிவாக இல்லையென்றால் அதே வினாவின் ஆங்கில வடிவத்தைப் பாருங்கள். இந்தத் தாளில் ஒவ்வொரு வினாவும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகியிருக்கும். எண்கள் இரண்டிலும் ஒன்றே. தமிழில் மடிப்பில் போனது ஆங்கிலத்தில் தப்பித்திருக்கும். உங்கள் பிள்ளைகள் தமிழ் வழி மட்டும் என்றால் ஆங்கிலத்தைக் கடைசியில் நீக்கலாம், ஆனால் சரிபார்த்து முடிக்கும்வரை கோப்பில் இருக்கட்டும்.

இரண்டிலும் தெரியவில்லை, இன்னொரு மாணவரின் தாளும் கிடைக்கவில்லை என்றால் ஊகித்து நிரப்பாதீர்கள். அந்த எண்ணுக்கு நேராகப் பாடநூலிலிருந்து அதே பாடத்தில், அதே மதிப்பெண்ணுக்கு ஒரு வினாவை வைத்து, எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டு, அடியில் "மாற்றப்பட்ட வினா" என்று எழுதிவிடுங்கள். எண் காலியாகவோ விடுபட்டோ போகக் கூடாது.

6. அல்லது வினாக்கள்

43உம் 44உம் எட்டு மதிப்பெண் வினாக்கள். ஒவ்வொன்றிலும் (அ) ஒரு வினா, நடுவில் "அல்லது", பிறகு (ஆ) ஒரு வினா. ஒன்றில் வரைபடம் வரையச் சொல்லும், ஒன்றில் முக்கோணமோ தொடுகோடோ வரையச் சொல்லும்.

இங்கே சொற்களைவிடப் பக்கப் பிரிவுதான் ஆபத்து. 43 (அ) பக்கத்தின் அடியில் முடிந்து, "அல்லது" அடுத்த பக்கத்தின் தலையில் போய் உட்கார்ந்தால், அவசரத்தில் இருக்கும் பிள்ளை அதைப் பார்க்காது. இரண்டையும் எழுதும். என் வகுப்பில் ஒரு பையன் இரண்டு முக்கோணமும் வரைந்துவிட்டு 44க்கு நேரமில்லாமல் தவித்தான்.

(அ), அல்லது, (ஆ) மூன்று பத்திகளில் முதல் இரண்டையும் தேர்ந்தெடுத்து, Paragraph → Line and Page Breaks → Keep with next கொடுங்கள். மூன்றுக்கும் Keep lines together கொடுங்கள். இனி மூன்றும் சேர்ந்துதான் நகரும். பகுதித் தலைப்புக்கும் கட்டளை வரிக்கும் இதையே செய்யுங்கள், இல்லையென்றால் "பகுதி III" பக்கத்தின் அடியில் அநாதையாக நிற்கும். விருப்பங்கள் இருக்கும் அட்டவணையில் Table Properties → Row போய் Allow row to break across pages டிக்கை எடுத்துவிடுங்கள்.

"அல்லது" நடுவில், தடித்த எழுத்தில், தனி வரியாக இருக்கட்டும். (அ), (ஆ) இரண்டுக்கும் சேர்த்து 43 என்ற எண் ஒருமுறைதான் வர வேண்டும். (ஆ)க்களுக்கும் தனி எண் போட்டுவிட்டால் தாளில் 46 வினா ஆகிவிடும்.

7. படங்கள்

போட்டோவிலிருந்து படத்தை வெட்டி ஒட்டினால் பிரதி எடுக்கும்போது சாம்பல் கட்டமாக விழும். வரைவதே நல்லது. ஜியோஜீப்ரா என்ற வடிவியல் மென்பொருள் இலவசம். கண்ணளவில் வரையாமல் ஆயத்தொலைவுகளைக் கொடுத்து வரைந்தால் இணைகோடு உண்மையாகவே இணையாக இருக்கும்.

பாடநூலில் வரும் ஒரு வகையை எடுத்துக்கொள்வோம்: படத்தில் DE ∥ AC மற்றும் DC ∥ AP எனில், BE/EC = BC/CP என நிறுவுக. B, E, C, P நான்கும் ஒரே கோட்டில், அதே வரிசையில். A, D, B இன்னொரு கோட்டில். புள்ளிகளைக் கண்டபடி வைத்தால் இரண்டு இணைநிலையும் ஒரே நேரத்தில் அமையாது. BD, DA இரண்டும் 2:1 இருக்கும்படி வைத்தால் மற்றவை தாமாக வரும்:

```
B=(0,0)
E=(4,0)
C=(6,0)
P=(9,0)
D=(2,4)
A=(3,6)
Segment(B,A)
Segment(B,P)
Segment(A,P)
Segment(D,E)
Segment(A,C)
Segment(D,C)
```

DE, AC இரண்டின் சாய்வும் −2. DC, AP இரண்டின் சாய்வும் −1. BE/EC = 4/2, BC/CP = 6/3, இரண்டும் 2. வினா கேட்பது படத்தில் அப்படியே இருக்கிறது. அச்சுகளையும் பின்கட்டங்களையும் மறைத்துவிட்டு, கோடுகளைக் கருப்பாக்கி, படமாக ஏற்றுமதி செய்து ஒட்டுங்கள். நிறம் வேண்டாம், பிரதியில் நீலம் வெளிறிப்போகும். வேர்டில் படத்தின் Wrap Text அமைப்பை In Line with Text என்று வையுங்கள். அப்போதுதான் மேலே ஒரு வரி சேர்த்தாலும் படம் தன் வினாவோடு போகும்.

இந்த வகைப் படம் ஒன்றுக்கு எனக்குப் பத்து நிமிடம். ஒரு தாளில் இரண்டு மூன்றுக்குமேல் பெரும்பாலும் இருக்காது.

8. சரிபார்ப்பு

உடனே செய்யாதீர்கள். ஒரு இரவு விட்டு, மறுநாள் அச்சடித்த தாளில் செய்யுங்கள். திரையில் பார்த்தால் கண் தான் நினைத்ததைப் படிக்கும்.

முதலில் வினாக்களைப் படிக்காமல் எண்களை மட்டும் பாருங்கள்: 1 முதல் 44, எலும்புக்கூட்டுக் காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பகுதி முடியும் எண்கள், கட்டளை வரியில் உள்ள எண்கள், ஓர மதிப்பெண்கள், மொத்தம். ஐந்து நிமிடம்.

அப்புறம் இன்னொருவரை உட்கார வைத்து, அவர் மூலத்தைச் சத்தமாக வாசிக்க, நீங்கள் தட்டச்சுத் தாளில் விரல் வைத்துப் பின்தொடருங்கள். அவர் "எக்ஸின் அடுக்கு நான்கு", "கழித்தல் எட்டு" என்று குறிகளையும் வாசிக்க வேண்டும். என் வீட்டில் இந்த வேலை அம்மாவுக்கு. அவருக்குக் கணிதம் தெரியாது, அதுவே நல்லது. இருப்பதை இருக்கிறபடி வாசிக்கிறார். கணிதம் தெரிந்த என் நண்பர் வாசித்தபோது, தவறாக அச்சான ஒரு குறியைத் தானாகவே சரிசெய்து வாசித்துவிட்டார்.

மூலத்திலேயே பிழை இருந்தால் திருத்தலாமா என்று கேட்பீர்கள். நான் மூலத்தில் உள்ளதை அப்படியே விட்டு, அடிக்குறிப்பில் சரியானதைச் சொல்கிறேன். பயிற்சிக்கு மட்டும் என்றால் திருத்திக்கொள்ளலாம், ஆனால் "முந்தைய ஆண்டு வினாத்தாள்" என்று தலைப்பில் போட்டிருந்தால் கூடாது.

9. அச்சுக்கு அனுப்புவது

வேர்டு கோப்பை பென்டிரைவில் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே வேறு பதிப்பு இருக்கும், எழுத்துரு மாறும், பக்கம் உடையும், "அல்லது" மறுபடி அநாதையாகும். PDF ஆக்கி, அதை முதலில் உங்கள் போனில் திறந்து பாருங்கள். அடுக்குகள் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் பெரிதாக்கிப் பார்த்தால் போதும்.

எழுத்து அளவு 12 வைத்தால் தமிழ் மட்டும் உள்ள தாள் எனக்கு ஏ4இல் நான்கு பக்கத்தில் அடங்குகிறது. இருபுறமும் அச்சடித்தால் இரண்டு தாள். இரண்டு மொழியும் வைத்தால் ஏழு பக்கம் வரை போகிறது. அடக்க வேண்டும் என்று எழுத்தை 10க்குக் குறைத்துப் பார்த்தேன். அடுக்குகள் பிரதியில் புள்ளியாகிவிட்டன, திரும்பவும் 12க்கே வந்துவிட்டேன்.

கடையில் முதலில் ஒரே ஒரு பிரதி எடுக்கச் சொல்லுங்கள். இருபுற அச்சில் இரண்டாம் பக்கம் தலைகீழாக வருகிறதா, 43ஆம் வினா உடையாமல் இருக்கிறதா, ஓர மதிப்பெண் வெட்டுப்படாமல் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டு மீதியை எடுக்கச் சொல்லுங்கள். வேர்டு கோப்பையும் எலும்புக்கூட்டுக் காகிதத்தின் படத்தையும் ஒரே போல்டரில், ஆண்டும் பாடமும் பெயரில் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். தாளின் அமைப்பு மாறாதவரை அடுத்த ஆண்டுத் தாளுக்கு அதே எலும்புக்கூட்டை எடுத்து வினாக்களை மட்டும் மாற்றினால் போதும். எனக்கு அதில் ஒரு மணி நேரம் மிச்சமானது.